முதல் வரைவுக்கு வந்த மூன்று பக்கம்

விழுப்புரத்தில் அன்புக்கரசியின் நெறியாளர் பணிபுரிந்த கல்லூரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. பேராசிரியர் அமிர்தவல்லி விடைத்தாள் திருத்தும் பணிக்காக வெளியூர் போயிருந்தார். துறை அலுவலகத்தில் இருந்த பெண் மேசைக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே ஆறு வாரத்துக்கு முன்பு அரசி கொண்டுபோய்க் கொடுத்த ஆய்வேட்டின் முதல் வரைவு இருந்தது. சுருள் கம்பி போட்ட இருநூற்று முப்பத்தெட்டு பக்கம். மேலட்டையில் மூன்று தாள்களைக் கிளிப் போட்டு இணைத்திருந்தார்கள்.

வெளியே வந்ததும் படித்துவிடாமல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தாள். அன்று அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் கூட்டம் செஞ்சிப் பேருந்துகளை எல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது வண்டியில்தான் ஏற முடிந்தது. கடைசி வரிசையில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் கிளிப்பைக் கழற்றினாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தேழு வயது. அனந்தபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவள். அவளுடைய நைனா ஊரார் நிலங்களில் மல்லாட்டை எனும் வேர்க்கடலை பிடுங்கவும் கரும்பு வெட்டவும் போனவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, செய்யாறு பக்கம் இருந்த ஒரு காலணித் தொழிற்சாலைக்கு அரசி வேலைக்குப் போனாள். ஐந்து வருடம் தையல் வரிசையில் உட்கார்ந்து செருப்பின் மேல்தோலைத் தைத்தாள். தொழிற்சாலைப் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் படித்துத் தபால் வழியில் பி.ஏ. முடித்தாள். வேலையை விட்டுவிட்டுச் சமூகவியலில் எம்.ஏ. படித்தாள். கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்தாள். இப்போது ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கூடவே பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வு. தலைப்பு, செஞ்சி வட்டாரத்திலிருந்து தொழிற்சாலைப் பேருந்துகளில் வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றியது.

பதிவு செய்து ஆறு வருடம் முடிந்து, ஒருமுறை நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. அந்தக் காலக்கெடு ஜூன் முப்பதோடு தீர்கிறது. இது பிப்ரவரி. முனைவர் பட்டமோ தகுதித் தேர்வோ இல்லாத விரிவுரையாளர்களை அடுத்த கல்வியாண்டில் எடுக்கமாட்டார்கள் என்று கல்லூரியில் பேச்சு அடிபட்டது. தகுதித் தேர்வை அவள் நான்கு முறை எழுதித் தோற்றிருந்தாள். ஆக இந்த ஆய்வேடுதான் அவளுக்கு மிச்சம்.

கடிதம் இப்படித் தொடங்கியது.

"அன்புள்ள அன்புக்கரசி, உங்கள் வரைவை இரண்டு முறை முழுதாகப் படித்தேன். இதில் எனக்குப் பிடித்தவற்றை முதலில் சொல்கிறேன். அறுபத்தொரு பெண்களை நேரில் பார்த்திருக்கிறீர்கள். அவர்கள் உங்களை வீட்டுக்குள் விட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு இது எளிதில் வாய்க்காது. பின்னிணைப்பில் அவர்களின் பேச்சை அவர்கள் பேசியபடியே எழுதியிருப்பது அருமை. பக்கம் 171இல் ஒரு பத்தி இருக்கிறது. பேருந்தில் கழியும் நான்கு மணி நேரம் வேலை நேரமும் இல்லை, வீட்டு நேரமும் இல்லை, அது யாருடைய நேரம் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வரைவிலேயே மிகச் சிறந்த இடம் அதுதான். இதை எழுதியவரால் நல்ல ஆய்வேடு எழுத முடியும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் இந்த வரைவு இப்போதிருக்கும் அமைப்பில் ஆய்வேடாக நிற்காது. வாக்கியத்தையும் எழுத்துப் பிழையையும் திருத்தினால் சரியாகிவிடும் குறைகள் அல்ல இவை. கட்டமைப்பில் இருக்கின்றன. முக்கியமானவை மூன்று."

அரசி அங்கேயே நிறுத்திவிட்டாள். பேருந்து முண்டியம்பாக்கம் தாண்டியதா, இல்லை வேறு வழியில் போகிறதா என்றுகூட அவளுக்குப் புரியவில்லை. முன்னிருக்கையில் ஒரு கைக்குழந்தை அவளைப் பார்த்துக் கையாட்டியது. மறுபடி தாளைப் பார்த்தாள்.

"ஒன்று. ஆய்வை நடத்திச் செல்லும் கேள்வி இதில் இல்லை. முதல் இயலில் ஆறு நோக்கங்களைப் பட்டியலிடுகிறீர்கள். அவற்றில் நான்கைப் பிறகு எங்கும் தொடவில்லை. பக்கம் 171இல் இருக்கும் கேள்வி அந்த ஆறிலும் இல்லை.

இரண்டு. இரண்டாம் இயல் எண்பத்து நான்கு பக்கம். முந்தைய ஆய்வுகளை ஒவ்வொன்றாகச் சுருக்கி அடுக்கியிருக்கிறீர்கள். அவர்களுக்குள் எதில் உடன்பாடு, எதில் சண்டை, அதில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது தெரியவில்லை. ஆய்வாளரின் பெயர் வரிசையை விட்டுவிட்டு, விவாதத்தின் வரிசையில் அடுக்கினால் இருபத்தைந்து பக்கத்துக்குள் வந்துவிடும்.

மூன்று. நான்காம் இயலில் நாற்பத்தேழு அட்டவணைகள். வினாப்பட்டியலில் கேள்விகள் இருந்த வரிசையிலேயே அட்டவணைகளும் வருகின்றன. அட்டவணையில் இருக்கும் எண்ணையே கீழே வாக்கியமாகத் திரும்பச் சொல்கிறீர்கள். அந்த எண் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. பெண்களின் குரல் முழுதும் பின்னிணைப்பில் அடைபட்டுக் கிடக்கிறது. அதனால் முடிவுரை எதன் மேலும் நிற்காமல் தொங்குகிறது. 'வேலைக்குச் சென்றதால் குடும்பத்தில் பெண்களின் மரியாதை உயர்ந்துள்ளது' என்று முடிக்கிறீர்கள். உங்கள் பின்னிணைப்பே அதை நம்பவில்லை."

மூன்றாம் பக்கத்தில், எழுத்துப் பிழை எதையும் இப்போது திருத்த வேண்டாம், அட்டவணைகளுக்கு அழகு பார்க்க வேண்டாம் என்று இருந்தது. "முதலில் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்தக் கேள்விக்கு ஒவ்வோர் இயலும் என்ன செய்கிறது என்று ஒரு பக்கத்துக்குத் திட்டம் எழுதி இரண்டு வாரத்தில் அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகு நேரில் பேசுவோம். ஜூனுக்குள் இது முடியாது என்றே நினைக்கிறேன். கடைசி நீட்டிப்புக்கு விண்ணப்பித்தால் நான் பரிந்துரை எழுதுகிறேன். முதல் வரைவு என்பது எழுதுகிறவருக்குத் தான் என்ன சொல்ல வந்தோம் என்று தெரிவதற்காக. உங்களுடையது அந்த வேலையைச் செய்திருக்கிறது. இப்படிக்கு, அமிர்தவல்லி."

கனிவான கடிதம்தான். ஆனால் அரசிக்கு அந்தக் கனிவு ஆறுதல் சொல்லவென்று எழுதியதாகவே பட்டது. பள்ளியிலிருந்தே அவள் பார்த்திருக்கிறாள். முதுகில் தட்டிக்கொடுத்து, நல்ல பிள்ளை என்று சொல்லிவிட்டுத்தான் கடைசி வரிசைக்கு அனுப்புவார்கள். கடிதத்தில் அவள் கண்ணில் பட்டவை இரண்டே இரண்டு. நிற்காது. ஜூனுக்குள் முடியாது.

ஏழு வருடம். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போயின. செஞ்சிப் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது, இந்த வண்டி நிற்காமல் எங்கேயாவது போய்க்கொண்டே இருந்தால் தேவலை என்று தோன்றியது.

வீட்டுக்காரர் பாண்டுரங்கன் திண்டிவனம் சாலையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் "வீட்ல முனைவரு ஆவப் போறாங்க" என்று சொல்லிவைத்திருந்தார். அன்று சாயங்காலம் செம்புக் கம்பிப் பிசிறு ஒட்டிய கையோடு வந்து கேட்டார்.

"இன்னா அரசி, மேடம் பாத்துட்டாங்களா? இன்னா சொன்னாங்க?"

"பாத்துட்டாங்க. சின்னச் சின்னதா திருத்தம் இருக்குது."

"அவ்ளோதானே? அப்ப ஜூன்ல குடுத்துடலாம்."

"ம்."

பையை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தாள். பன்னிரண்டு நாள் அதைத் தொடவில்லை. கல்லூரிக்குப் போனாள். பாடம் நடத்தினாள். கரும்பலகையில் 'ஆய்வுச் சிக்கலைத் தேர்ந்தெடுத்தல்' என்று எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தாள். மாணவிகளிடம் புத்தகத்தைப் பார்த்துப் படிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். தனக்கே தெரியாததைத்தான் இத்தனை வருடமும் நடத்தினோமா என்று நினைத்தாள். ஆய்வேடு என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை. நூலகத்தில் இருந்த பழைய ஆய்வேடுகள் நாலைந்தைப் பார்த்து, அவை எப்படி இருந்தனவோ அப்படியே அவளும் செய்திருந்தாள்.

பதிமூன்றாம் நாள் பழைய நெறியாளர் விநாயகம் சாருக்குப் போன் செய்தாள். அவர் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகம் அவளை அமிர்தவல்லியிடம் மாற்றியிருந்தது.

"அப்படியா எழுதியிருக்காங்க?" என்றார் அவர். "அந்தம்மா எப்பவும் அப்படித்தான்மா. நான் இருந்திருந்தா அப்படியே கையெழுத்துப் போட்டிருப்பேன்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அரசி கேட்டுவிட்டாள்.

"சார், ஒவ்வொரு இயலும் எழுதி முடிச்சி உங்களாண்ட குடுத்தேன். நல்லா இருக்குதுன்னீங்க. ரெண்டாவது இயலை நீங்க படிச்சீங்களா சார்?"

பின்னால் டிவி ஓடும் சத்தம் வந்தது.

"மேலோட்டமா பாத்தேன்மா. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ முன்னேற்ற அறிக்கையில கையெழுத்துப் போடணுமே. அதுக்குப் பாப்பேன்."

போனை வைத்த பிறகு அரசி அழவில்லை. நல்லா இருக்குது என்ற ஒரு சொல்லை நம்பி அவள் ஐந்தரை வருடம் எழுதியிருந்தாள். அவளைத் திட்டியிருந்தாலாவது படித்தார் என்று இருந்திருக்கும்.

மறுநாள் காந்தி பஜார் பக்கம் இருந்த எழிலனின் கணினிக் கடைக்குப் போனாள். அவளுடைய ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து கொடுத்தவன் அவன்தான். சுற்று வட்டாரத்தில் எம்.ஃபில்., பி.எச்டி. என்று போகிற எல்லாரும் அவனிடம்தான் வருவார்கள். கடிதத்தைக் காட்டினாள். அவன் நாற்காலியைச் சுழற்றி வெளிச்சத்துக்குத் திரும்பிக்கொண்டு படித்தான்.

"மேடம், இதுக்கா இவ்ளோ டென்ஷன்? சென்னைல ஒருத்தர் இருக்காரு. இதே வேலைதான் அவருக்கு. ரெண்டாவது சேப்டர் அவரே புதுசா எழுதிடுவாரு. காப்பி செக்கிங்ல மாட்டாது. நாலாவதுக்கு உங்க டேபிள் எல்லாம் எடுத்துட்டு, மேடம் கேக்கற மாதிரி ஒரு கேள்வி வெச்சி புதுசா டேட்டா போட்டுக்குடுப்பாரு. ஏப்ரல்லயே முடிச்சிடலாம்."

"புதுசா டேட்டான்னா?"

"எத்தன பேர் வேணும் சொல்லுங்க. அறுவத்தொண்ணு எதுக்கு? நூத்தியிருவதா போட்டா கெத்தா இருக்கும்."

அரசி ஆய்வேடு இருந்த பென்டிரைவை மேசைமேல் வைத்திருந்தாள். அவன் அதை எடுத்துக் கணினியில் செருகினான். செருகட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். அதைச் சொல்லாமல் விட முடியாது. அந்த நேரத்தில் அவள் சம்மதித்துத்தான் இருந்தாள். ஜூன், வேலை, பாண்டுரங்கனின் முகம் எல்லாம் சேர்ந்து அவளை அங்கே நிறுத்திவைத்திருந்தன.

திரையில் பின்னிணைப்புக் கோப்பு விரிந்தது. எழிலன் வேகமாக உருட்டினான். பெயர்களுக்குப் பதிலாக எண்கள் இருந்தன. பெண் 9, பெண் 17, பெண் 32. மற்றவர்களுக்கு அவை எண்கள்தான். அவளுக்கு ஒவ்வொருத்தியின் வாசலும் தெரிந்தது. ஒன்பதாம் பெண் பேசிக்கொண்டே மாவாட்டினாள். முப்பத்திரண்டாம் பெண் பேருந்தில் தூங்கி விழுந்து பல் உடைந்தவள்.

"இது எல்லாம் டெலிட் பண்ணிடலாமா மேடம்? புது டேட்டாவுக்கு ஒத்து வராது."

"வேணாம்" என்றாள். "பென்டிரைவை எடுத்துக் குடுங்க தம்பி."

"யோசிச்சி சொல்லுங்களேன்."

"எடுத்துக் குடுங்க."

நல்ல காரியம் செய்தோம் என்ற எண்ணம் அவளுக்கு வரவில்லை. கடைசியாகத் திறந்திருந்த வழியையும் அடைத்துவிட்டோம் என்றுதான் இருந்தது. வீட்டுக்கு வந்து கடிதத்தைப் பழையபடி பையில் போட்டுவிட்டுச் சமைக்காமல் படுத்துவிட்டாள். பாண்டுரங்கன் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

"உடம்பா, மனசா?"

அவள் எழுந்து அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து பையை எடுத்துவந்து கடிதத்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் பத்தாவது வரை படித்தவர். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். முடிப்பதற்கு வெகு நேரம் ஆனது.

"பத்து நாளா இதை வெச்சிக்கினா சுத்தின?"

"பதினாலு நாளு."

"ஊருக்கெல்லாம் நான் சொல்லிக்கினு திரியறன். எங்கிட்ட சொல்லக்கூடாதா?" அவர் குரல் உயர்ந்தது. பிறகு தாளை மடித்தார். "எனக்கு இதுல பாதி புரியல. நூத்தி எழுவத்தொண்ணாம் பக்கம்னு எழுதியிருக்குதே, அதுல இன்னா இருக்குது?"

அவள் எடுத்துக் காட்டவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. கோபத்தோடே வெளியே போய் இட்லி வாங்கிவந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரசி அனந்தபுரம் போனாள். எதற்குப் போகிறோம் என்று தெளிவாக நினைத்துப் போகவில்லை. அம்மா வீட்டுக்குப் போகாமல் நேரே மங்கையின் வீட்டுக்குப் போனாள். மங்கை தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தவள், நாலு வயது மூத்தவள். இன்னமும் அதே பேருந்தில் போய்க்கொண்டிருந்தாள். அரசியின் பட்டியலில் பதினேழாம் பெண்.

மங்கை கிணற்றடியில் ஒரு வாரத்துத் துணியைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அரசி புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு அலச உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். எழுதியது சரியில்லை என்று வந்துவிட்டது, எல்லாம் போச்சு என்றாள்.

"எது சரியில்லன்னாங்க?"

"மரியாதை கூடியிருக்குதுன்னு கடைசில எழுதியிருந்தேங்க்கா. அது நிக்கலயாம்."

மங்கை துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"மரியாதை கூடிச்சின்னு யாரு சொன்னா?"

"நீதாங்க்கா சொன்ன. இருபத்திரெண்டாவது கேள்வி. ஆமான்னு டிக் போட்டேன்."

"அட போடி. நீ பேப்பரைப் பாத்துக்கினே ஆமாவா இல்லையான்னு கேட்ட. எங்க மாமியாரு பக்கத்துல குந்திக்கினு மொச்சை உரிச்சிக்கினு இருந்துச்சி. நான் இல்லன்னு சொல்லிட்டு அந்த வீட்ல இருக்க முடியுமா?"

அரசி கையிலிருந்த துணியை வாளிக்குள் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"நெசத்துல இன்னாக்கா?"

"நெசத்துலயா? காலைல மூணரைக்கு எழுந்து சோறாக்கி வெச்சிட்டு அஞ்சு பத்து பஸ்ஸைப் புடிக்கறன். வந்து எறங்க ஏழு ஆவுது. எங்க வூட்டுக்காரு இன்னா சொல்லுவாரு தெரியுமா? பஸ்ஸுல போறப்ப ரெண்டு மணி நேரம், வர்றப்ப ரெண்டு மணி நேரம் நல்லா தூங்கிட்டுத்தானே வர்ற, உனக்கு இன்னா அசதின்னு. அந்தத் தூக்கத்தை எனக்கு ரெஸ்ட்டுன்னு கணக்கு வெச்சிக்கினாங்க. கம்பெனியும் அது எங்க வேலை நேரம் இல்லன்னுது. அப்ப அது யாரு நேரம்டி?"

அரசி கேட்டுக்கொண்டே இருந்தாள். முதலில் அவளுக்கு வந்தது பயம்தான். அறுபத்தொரு பேரில் நாற்பத்து நாலு பேர் அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டையும் நினைத்துப் பார்த்தாள். யார் பக்கத்தில் இருந்தார்கள்? மாமியார், புருஷன், கொழுந்தன். தனியாக இருந்து பேசியவர்கள் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். நெறியாளர் கட்டமைப்பில் குறை என்றார். இப்போது அடித்தளமே ஆடியது. தானே அந்தப் பேருந்தில் ஐந்து வருடம் போனவள். தனக்குத் தெரிந்ததையே கேட்காமல், எங்கேயோ அச்சடித்த வினாப்பட்டியலை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னாடி பேய் அறைஞ்ச மாதிரி ஆயிட்ட?"

"ஒண்ணுமில்லக்கா."

அன்று மாலை செஞ்சிக்குத் திரும்பியதும் அமிர்தவல்லிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். இரண்டு வார அவகாசம் முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. ஒரு பக்கத் திட்டம் அதில் இல்லை. மங்கையின் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதினாள். இருபத்திரண்டாம் கேள்வியின் பதில்களை இனி நம்ப முடியாது, மற்ற பதில்கள் எத்தனை உண்மை என்றும் தெரியவில்லை, இதைச் சொல்லாமல் மறைத்துவிட என்னால் முடியவில்லை, ஆய்விலிருந்து விலகிக்கொள்கிறேன், உங்கள் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னியுங்கள் என்று முடித்தாள். அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவைத்தாள்.

பதில் மறுநாள் காலையே வந்திருந்தது. நாலே வரி.

"விலகல் கடிதத்தை நான் பெற்றுக்கொள்ளவில்லை. நீங்கள் எழுதியிருப்பது ஓர் ஆய்வாளர் எழுத வேண்டியது. எப்படிக் கேட்டோம், யார் அருகில் இருந்தார்கள், அதனால் பதில் எப்படி மாறியது என்பதெல்லாம் மூன்றாம் இயலில் வெளிப்படையாக வர வேண்டும். புதன்கிழமை மூன்று மணிக்கு வாருங்கள், வரைவையும் எடுத்து வாருங்கள்."

புதன்கிழமை அமிர்தவல்லி அவளுக்குத் தேநீர் வரவழைத்தார். நரைத்த முடியை இழுத்துக் கொண்டை போட்டிருந்த, குறைவாகப் பேசுகிற பெண்மணி. ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார்.

"கேள்வியை ஒரு வாக்கியத்துல எழுதுங்க."

அரசி எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதினாள். நாற்பது நிமிடம் ஆனது. அமிர்தவல்லி அதுவரை வேறொரு மாணவரின் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். கடைசியில் தாளில் இருந்தது இது: தொழிற்சாலைப் பேருந்தில் கழியும் நேரத்தை நிறுவனமும் குடும்பமும் பெண்களும் எப்படிக் கணக்கிடுகிறார்கள், அந்தக் கணக்கு பெண்களின் வாழ்வை எப்படி அமைக்கிறது?

"இப்ப இரண்டாம் இயலை எடுங்க. இந்தக் கேள்விக்கு உதவாத பக்கங்களை மடிச்சிக்கிட்டே வாங்க."

எண்பத்து நான்கில் அறுபதுக்கு மேல் மடிந்தன. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தது. ஒரு கட்டத்தில் அவளால் முடியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"மேடம், இதை நீங்க நாலு வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா..."

"அப்ப நீங்க என்கிட்ட இல்லையேம்மா." பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னார். "யாராவது சொல்லியிருக்கணும். அது உங்க தப்பு இல்ல. ஆனா திருத்தற வேலை உங்களோடதுதான். எல்லாரையும் திரும்பப் பாக்க வேணாம். பன்னிரண்டு பேர் போதும். தனியா பாருங்க. வினாப்பட்டியல் கொண்டுபோகாதீங்க. அவங்களோட ஒரு நாளை, எழுந்ததுலேர்ந்து படுக்கற வரைக்கும், அவங்களே சொல்லட்டும்."

மார்ச் மாதம் முழுக்க அரசி ஞாயிறுதோறும் போனாள். கிணற்றடி, மாதா கோயில் வாசல், ரேஷன் கடை வரிசை, பெண்கள் தனியாக இருக்கும் இடம் எதுவோ அங்கே. இரண்டு பேர் மறுத்துவிட்டார்கள். "போன தடவ சொன்னதுக்கே எங்களுக்கு ஒண்ணும் ஆவல" என்றாள் ஒருத்தி. பத்துப் பேர் பேசினார்கள். மறுத்தவர்கள் இடத்துக்கு வேறு இருவரைக் கண்டுபிடிக்க மே மாதம் வரை ஆயிற்று.

கடைசி நீட்டிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். ஆய்வுக் குழுவில் ஒருவர், இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டார். டிசம்பர் வரை கொடுத்தார்கள். இனி இல்லை என்று எழுத்திலும் சொன்னார்கள்.

ஜூனில் கல்லூரியின் புதிய விரிவுரையாளர் பட்டியல் வந்தது. அன்புக்கரசியின் பெயர் இல்லை. மாணவிகள் சிலர் போன் செய்து அழுதார்கள். ஆகஸ்டில் அவள் அனந்தபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கப் போனாள். பாண்டுரங்கன் கடையில் யாராவது விசாரித்தால் "இன்னும் கொஞ்சம் வேலை இருக்குது" என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டார். சில இரவுகள் அவள் எழுதிய பக்கங்களை அவரிடம் வாசித்துக்காட்டினாள். அவர் கேட்டுக்கொண்டே படுத்திருப்பார். ஒரு நாள் மட்டும், பேருந்தில் தூங்கித்தானே வருகிறாய் என்ற பேச்சு வந்த இடத்தில், "நானும் உன்னை அப்படித்தான் பேசியிருக்கறன் இல்ல, கல்யாணம் ஆன புதுசுல?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள்.

இரண்டாம் வரைவை அக்டோபரில் அனுப்பினாள். பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. இந்த முறை கடிதம் ஒரு பக்கம்தான். நான்காம் இயலின் இரண்டாம் பகுதி இன்னும் தளர்வாக இருக்கிறது, அதை ஐந்தாம் இயலின் தொடக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றிருந்தது. மற்றவை எல்லாம் வாக்கியங்களைப் பற்றியவை. அரசி அந்த ஒரு பக்கத்தை நான்கு முறை படித்தாள். அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். நூற்று எண்பத்தாறு பக்கம். அட்டவணைகள் ஒன்பது. முடிவுரையில் மரியாதை உயர்ந்தது என்ற வாக்கியம் இல்லை.

வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் தேதி வரவில்லை. வெளியூர்த் தேர்வாளர்களிடமிருந்து அறிக்கை வரவேண்டும். ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம் என்கிறார்கள். பள்ளியில் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மாலை நாலரைக்குப் பள்ளி விட்டதும் செஞ்சிப் பேருந்துக்காக அனந்தபுரம் நிறுத்தத்தில் நிற்கிறாள்.